ரத்தான இசை நிகழ்ச்சி: டிக்கெட் பணம் வருகிறதாம், முன்பதிவுக் கட்டணமும் வரியும் வராதாம்

பட்டர்வொர்த் கலா

கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் நடக்கவிருந்த ஒரு திரையிசை நிகழ்ச்சிக்கு நான்கு டிக்கெட் எடுத்திருந்தேன். பாடகர் சென்னையிலிருந்து வருவதாக இருந்தது. முதலில் "ஒத்திவைக்கப்பட்டது, புதிய தேதி பின்னர் அறிவிக்கப்படும்" என்றார்கள். பல வாரம் கழித்து, "தவிர்க்க முடியாத காரணங்களால் ரத்து" என்று முகநூலில் நான்கு வரி எழுதி முடித்துவிட்டார்கள்.

நான் கட்டிய தொகை இது. டிக்கெட் ஒன்று 275 ரிங்கிட், நான்குக்கு 1,100. கேளிக்கை வரி அதில் அடக்கம் என்று விலைப்பட்டியலின் அடியில் போட்டிருந்தது. முன்பதிவுக் கட்டணம் டிக்கெட்டுக்கு 6 ரிங்கிட் வீதம் 24. அந்த 24க்குச் சேவை வரி 1 ரிங்கிட் 92 சென். ஆக மொத்தம் 1,125 ரிங்கிட் 92 சென்.

டிக்கெட் விற்ற தளத்திலிருந்து இப்போது மின்னஞ்சல் வந்திருக்கிறது. 1,000 ரிங்கிட் மட்டும் திரும்ப வருமாம். 100 ரிங்கிட் கேளிக்கை வரி "அரசாங்கத்துக்குச் சேர வேண்டியது", முன்பதிவுக் கட்டணமும் அதன் வரியும் "எந்நிலையிலும் திருப்பித் தரப்படாது". பாட்டே கேட்காத நிகழ்ச்சிக்கு 125 ரிங்கிட் 92 சென் எதற்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பினாங்கிலிருந்து போய்வர எடுத்த பஸ் டிக்கெட் வேறு இருக்கிறது. அதைப் பிறகு கேட்கிறேன்.

செந்தூல் வாசகன்

அக்கா, கவலையே வேண்டாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 17. இனிமேல் கிடைக்கப்போகும் சேவைக்கு முன்கூட்டியே பணம் கட்டியிருந்தால், பயனீட்டாளர் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து பணத்தைக் கேட்கலாம். ஒரு சென்கூடப் பிடிக்க முடியாது. அந்தப் பிரிவை அப்படியே எழுதி அனுப்புங்கள், மறுநாளே பணம் வந்துவிடும்.

சுங்கை பட்டாணி ராணி

எனக்கும் இதே பிரச்சினைதான். போன ஆண்டு பினாங்கு ஸ்பைஸ் அரங்கில் ஒரு நிகழ்ச்சி. அன்று மாலை என் மகனுக்குக் கடுமையான காய்ச்சல், போக முடியவில்லை. மருத்துவர் கடிதம்கூட அனுப்பினேன், பணம் தர மறுத்துவிட்டார்கள். நானும் வழக்குப் போடலாமா?

கணக்காளர் ஈப்போ

ராணி சகோதரி, உங்களுடையது வேறு விவகாரம். நிகழ்ச்சி நடந்திருக்கிறது, உங்கள் இருக்கையும் காத்திருந்திருக்கிறது. ஏற்பாட்டாளர் தன் பங்கைச் செய்துவிட்டார், போக முடியாமல் போனது உங்கள் பக்கத்தில். டிக்கெட் எடுக்கும்போது கூடுதலாகச் சில ரிங்கிட் கட்டிக் காப்புறுதி ஏதும் எடுத்திருந்தால் அதைப் பாருங்கள். நோயால் வர இயலாதவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் உதவும்.

கலா அவர்களுக்கு: நான் வழக்கறிஞன் இல்லை. நிறுவனங்களுக்கு வரிக்கணக்குப் பார்ப்பவன், அதனால் வரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் ரசீதில் இருப்பது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வரிகள். தளத்தின் மின்னஞ்சல் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி "அரசாங்கம்" என்று முத்திரை குத்தியிருக்கிறது.

கேளிக்கை வரி, 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கேளிக்கையைப் பார்க்க உள்ளே நுழைவதற்குச் செலுத்தும் கட்டணத்தின் மீது விதிக்கப்படுவது. வசூல் மாநிலங்களின் கையில் இருப்பதால் பினாங்கில் ஒரு விதம், சிலாங்கூரில் ஒரு விதம். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம். அங்கே முன்பு 25 விழுக்காடு இருந்தது. 2024 முதல் வெளிநாட்டுக் கலைஞர்களின் மேடை நிகழ்ச்சிக்கு 10 விழுக்காடாகக் குறைத்தார்கள், உள்ளூர்க் கலைஞர்களின் மேடை நிகழ்ச்சிக்கு முழு விலக்கு. உங்கள் 275இல் 250 டிக்கெட், 25 வரி. நான்குக்கு 100. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் அரங்கின் கதவே திறக்காத நிகழ்ச்சியில் யாரும் உள்ளே நுழையவில்லை. நுழைவே இல்லாதபோது நுழைவுக் கட்டணத்தின் மீதான வரி எங்கிருந்து வரும்? ஏற்பாட்டாளர் முன்வைப்புத்தொகை கட்டியிருக்கலாம், வரியை முன்கூட்டியே செலுத்தியும் இருக்கலாம். அதைத் திரும்பப் பெறுவது அவருக்கும் வரி அலுவலகத்துக்கும் இடையிலான விவகாரம். தாமதமானால் அது அவர் தலைவலி. உங்களிடம் 1,100 வாங்கியவர் 1,100 தர வேண்டும்.

சேவை வரி வேறு. 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. இது பாட்டுக்கான வரி அன்று, டிக்கெட் தளம் செய்த முன்பதிவுச் சேவைக்கான வரி. கட்டணம் போகும் இடத்துக்கெல்லாம் நிழல் போலப் பின்னால் போகும். தளம் 24 ரிங்கிட்டைத் திருப்பித் தந்தால் ஒரு வரவுக்குறிப்பு எழுதி, சுங்கத்துறைக்குக் காட்டும் கணக்கில் 1.92ஐக் குறைத்துக்கொள்ளலாம். கட்டணத்தைத் தராவிட்டால் வரியும் வராது. ஆகவே 1.92க்காகத் தனியாகச் சண்டை போடாதீர்கள். கேள்வி அந்த 24 ரிங்கிட்தான்.

செந்தூல் வாசகன்

24 ரிங்கிட்டும் பிரிவு 17இல் வந்துவிடும் என்றுதானே சொன்னேன்.

ஜார்ஜ் டவுன் கிழவர்

தம்பி, வராது. நாற்பது ஆண்டுகள் வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பிரிவு 17 தொடர்ச்சியாக வழங்கப்படும் சேவைகளுக்கானது. உடற்பயிற்சிக் கூடத்தில் ஓராண்டுக்குச் சந்தா கட்டுகிறீர்கள், டியூஷன் வகுப்புக்குப் பல மாதக் கட்டணத்தை முன்கூட்டியே தருகிறீர்கள், பாதியில் விலக நினைக்கிறீர்கள் என்றால் அது உதவும். ஒரே இரவில் முடிந்துபோகும் நிகழ்ச்சிக்கு அதைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் காட்டினால் எதிராளி சிரிப்பார், நடுவரும் உங்கள் மற்ற வாதங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பார். சட்டத்தின் பெயர் சரி, எடுத்த பக்கம் தவறு.

கலா, நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நிகழ்ச்சி ஏன் ரத்தானது என்பது. "தவிர்க்க முடியாத காரணம்" என்ற சொற்களை ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். பணத்தின் அளவே அந்தக் காரணத்தைப் பொறுத்தது.

பாடகருக்கு உடல்நலம் கெட்டுவிட்டது, அல்லது அரசாங்கம் தடை போட்டுவிட்டது என்று வையுங்கள். 2023 ஜூலையில் சிப்பாங்கில் நடந்த குட் வைப்ஸ் விழாவை, முதல் நாள் இரவு மேடையில் நடந்த கூத்துக்காக, மறுநாள் அமைச்சர் நிறுத்தச் சொன்னாரே, அந்த மாதிரி. அப்போது ஏற்பாட்டாளர் ஒப்பந்தத்தை மீறியவர் ஆகமாட்டார். ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாததாகி, 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் பிரிவு 57இன்படி செல்லாமல் போகிறது. ஆனால் பணம் அவரோடு போய்விடாது. பிரிவு 66, செல்லாமல் போன ஒப்பந்தத்தில் நன்மை பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவுக்குச் சட்டமே தரும் உதாரணங்களில் ஒன்று பாட்டுக் கச்சேரிதான்: கச்சேரியில் பாட 1,000 ரிங்கிட் முன்பணம் வாங்கிய ஒருவருக்கு உடம்பு சரியில்லை, எதிர்பார்த்த லாபத்துக்கு அவர் ஈடு கட்ட வேண்டியதில்லை, ஆனால் வாங்கிய 1,000ஐத் திருப்பித் தர வேண்டும். அங்கே பாடகருக்கும் ஏற்பாட்டாளருக்கும் சொன்னது, ஏற்பாட்டாளருக்கும் உங்களுக்கும் பொருந்தாமல் போகாது.

இந்த வழியில் டிக்கெட் விலை முழுதும் கேட்கலாம். ஆனால் முன்பதிவுக் கட்டணம் ஏற்பாட்டாளர் கைக்குப் போன பணம் அன்று, தளம் எடுத்துக்கொண்டது. வாங்காததைத் திருப்பித் தரச் சொல்ல முடியாதே. 1956ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தில் பிரிவு 15 வேறு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, "ஏற்கெனவே செலவழித்துவிட்டேன், கொஞ்சம் கழித்துக்கொள்ள அனுமதியுங்கள்" என்று ஏற்பாட்டாளர் கேட்கவும் வழி உண்டு.

டிக்கெட் விற்கவில்லை, நட்டம் வரும் என்று அவரே நிறுத்திவிட்டார் என்றால் கதை மாறுகிறது. அது ஒப்பந்த மீறல். அப்போது ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74, மீறலால் இயல்பாக வந்த இழப்புக்கு ஈடு தரச் சொல்கிறது. அந்தத் தளத்தின் வழியாகத்தான் டிக்கெட் வாங்க முடியும் என்று ஏற்பாட்டாளரே வைத்திருந்தால், 24 ரிங்கிட் கட்டாமல் யாரும் டிக்கெட் வாங்கியிருக்க முடியாது. அதைவிட இயல்பான இழப்பு வேறு என்ன? தளத்திடம் "திருப்பித் தா" என்று கேட்காமல், ஏற்பாட்டாளரிடம் "என் இழப்பைக் கட்டு" என்று கேளுங்கள். தளத்தின் நிபந்தனையில் என்ன எழுதியிருந்தாலும் இந்த வாதத்தைத் தொடாது.

பிரிக்பீல்ட்ஸ் மாறன்

அதே நிகழ்ச்சிக்கு நானும் இரண்டு டிக்கெட் எடுத்திருந்தேன். ஒத்திவைப்புக்கு முதல் வாரம் இருக்கை வரைபடத்தைப் பார்த்தேன், மேல் அடுக்கு முழுக்கக் காலியாகப் பச்சையாகக் கிடந்தது. திரையைப் படம்பிடித்து வைத்திருக்கிறேன். அந்தப் பாடகர் அதே இரவில் வேறொரு நாட்டில் மேடையேறிப் பாடினார். உடம்பு சரியில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் தளத்தையும் விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. "எந்நிலையிலும் தரப்படாது" என்று ஒருதலையாக எழுதிவைப்பது நியாயமற்ற நிபந்தனை. பயனீட்டாளர் சட்டத்தில் 2010இல் சேர்த்த பகுதி அதற்குத்தானே?

ஜார்ஜ் டவுன் கிழவர்

அந்தப் பகுதி இருக்கிறது. நீங்கள் சொல்லும் வாதமும் எடுபடலாம். ஆனால் தளமும் சும்மா இருக்காது: "நாங்கள் இருக்கை ஒதுக்கினோம், பணத்தைப் பெற்றோம், டிக்கெட் அனுப்பினோம், எங்கள் வேலை முடிந்தது. நிகழ்ச்சி நடத்துவது எங்கள் பொறுப்பன்று, நாங்கள் ஏற்பாட்டாளரின் முகவர்" என்று சொல்லும். கட்டணம் வாங்கும் முன்பே தொகையைத் தனியாகக் காட்டியிருந்தால் அந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் பலம் உண்டு. கடைசித் திரையில்தான் கட்டணம் முளைத்தது என்றால் பலம் குறையும். முடிவு நடுவரைப் பொறுத்தது, நான் பந்தயம் கட்டமாட்டேன். இருவரையும் எதிர்மனுதாரர்களாகப் போடுங்கள், ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது.

கணக்காளர் ஈப்போ

மாறன் படம்பிடித்து வைத்தது நல்ல காரியம். ரத்தான பிறகு அந்தப் பக்கங்கள் நீக்கப்பட்டுவிடும். முகநூல் அறிவிப்பு, அதற்குக் கீழே ஏற்பாட்டாளர் எழுதிய பதில்கள், நிபந்தனைப் பக்கம் எல்லாவற்றையும் இன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வி, கலா. பணத்தை எப்படிக் கட்டினீர்கள்? கடன் அட்டையா, வங்கிக் கணக்கிலிருந்து எஃப்.பி.எக்ஸ். வழியாகவா?

பட்டர்வொர்த் கலா

எனக்கும் கணவருக்கும் உரிய இரண்டை என் கடன் அட்டையில் எடுத்தேன். மாமியாருக்கும் நாத்தனாருக்கும் எஃப்.பி.எக்ஸ்.

கணக்காளர் ஈப்போ

அப்படியானால் உங்களுக்கு இரண்டு பாதைகள். அட்டையில் கட்டியதற்கு, அட்டை வழங்கிய வங்கியிடம் "சேவை கிடைக்கவில்லை" என்று தகராறுப் படிவம் கொடுக்கலாம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளின்படி சேவை கிடைக்க வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 120 நாள் அவகாசம். வங்கி தன் வேலைக்காக இன்னும் முன்னதாகவே கேட்கலாம், அதனால் தள்ளிப்போடாதீர்கள். விசா, மாஸ்டர்கார்டு முத்திரையுள்ள பற்று அட்டைக்கும் இது உண்டு. எஃப்.பி.எக்ஸ். நேரடிப் பணமாற்றம், அங்கே இந்த வசதி கிடையாது.

"புதிய தேதி பின்னர் அறிவிக்கப்படும்" என்ற வாசகத்தின் வேலை இங்கேதான் தெரியும். மக்கள் காத்திருக்கிறார்கள், நாள்கள் ஓடுகின்றன, ரத்து அறிவிப்பு வரும்போது முதல் தேதியிலிருந்து எண்ணினால் அவகாசம் முடிந்துபோயிருக்கும். எல்லா ஏற்பாட்டாளரும் திட்டமிட்டுச் செய்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒத்திவைப்பு அறிவிப்பு வந்த உடனேயே, "புதிய தேதி எனக்கு வேண்டாம், பணம் வேண்டும்" என்று மின்னஞ்சலில் எழுதிவைப்பது நல்லது.

தளம் 1,000 ரிங்கிட்டைப் போட்டுவிட்டால், வங்கியிடம் மிச்சத் தொகையைத்தான் கேட்க வேண்டும். இரண்டு இடத்திலும் முழுத் தொகையைக் கேட்டுச் சிக்கிக்கொள்ளாதீர்கள்.

பத்துமலை குகன்

நான் ஒரு நண்பரின் நண்பரிடம் 275 ரிங்கிட் டிக்கெட்டை 400க்கு வாங்கினேன். எனக்கு யார் தருவார்கள்?

ஜார்ஜ் டவுன் கிழவர்

தளம் பணத்தை முதலில் வாங்கியவரின் கணக்குக்குத்தான் அனுப்பும். அவரைப் பிடியுங்கள். கூடுதல் 125க்கு ஏற்பாட்டாளர் பொறுப்பாகமாட்டார். அந்த மனிதர் உங்கள் தொலைபேசியை எடுக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

பட்டர்வொர்த் கலா

ஐயா, நடுவர் மன்றத்துக்குப் போவது எப்படி? வழக்கறிஞர் வைக்க எனக்கு வசதியில்லை. 125 ரிங்கிட்டுக்காக அலைவதும் யோசனையாக இருக்கிறது.

ஜார்ஜ் டவுன் கிழவர்

வழக்கறிஞர் தேவையில்லை, பொதுவாக அங்கே அவர்களுக்கு இடமும் இல்லை. மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், உரிமை எழுந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். பினாங்கிலேயே பதிவு செய்யலாம். படிவம் 1இல் தொகையைத் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள்: டிக்கெட் 1,100, முன்பதிவுக் கட்டணம் 24, சேவை வரி 1.92. இடையில் 1,000 வந்துவிட்டால் அதைக் கழித்துக் காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, யாரிடம், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று ஒரே வரி போதும்.

பலர் தடுக்கி விழும் இடம் அடுத்தது. படிவத்தின் படியை எதிர்மனுதாரருக்கு நீங்கள்தான் சேர்ப்பிக்க வேண்டும், நேரிலோ பதிவுத் தபாலிலோ. முகநூலில் இருக்கும் வணிகப் பெயருக்கு அனுப்பினால் திரும்பி வரும். நிறுவனங்கள் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் சில ரிங்கிட் கட்டித் தேடினால் நிறுவனத்தின் முழுப் பெயர், பதிவு எண், பதிவு முகவரி கிடைக்கும். அந்த முகவரிக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான அட்டையைப் பத்திரமாக வையுங்கள். அவர்கள் 14 நாள்களில் பதில் மனு போட வேண்டும். விசாரணைக்கு வராவிட்டால், தபால் சேர்ந்ததற்கு ஆதாரம் இருக்கும்வரை, அவர்கள் இல்லாமலேயே தீர்ப்பு சொல்லலாம்.

எழுதுவதற்குத் துணை வேண்டுமானால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள். தமிழிலேயே பேசலாம்.

பிரிக்பீல்ட்ஸ் மாறன்

எஸ்.எஸ்.எம்.மில் நானும் தேடிப் பார்த்தேன். ஏற்பாட்டாளர் நிறுவனத்தின் செலுத்தப்பட்ட மூலதனம் நூறு ரிங்கிட். நூறு! தீர்ப்பு வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். அதனால்தான் தளத்தையும் விடாதீர்கள் என்கிறேன். டிக்கெட் பணம் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது போலிருக்கிறது, இல்லாவிட்டால் 1,000ஐத் தருகிறோம் என்று எப்படிச் சொல்வார்கள்?

கணக்காளர் ஈப்போ

சரியான கவனிப்பு. பல தளங்கள் நிகழ்ச்சி முடிந்த பிறகே ஏற்பாட்டாளருக்குப் பணத்தைக் கொடுக்கும். சில தளங்கள் ஏற்பாட்டாளரின் செலவுக்கு முன்கூட்டியே பாதியைக் கொடுத்துவிடும், அங்கேதான் பணம் மாதக்கணக்கில் இழுபடும்.

சுங்கை பட்டாணி ராணி

பஸ் டிக்கெட் என்ன ஆயிற்று? கலா அதைக் கேட்கவே இல்லையே.

ஜார்ஜ் டவுன் கிழவர்

கேட்டுப் பார்க்கலாம். வெளியூர்க்காரர்கள் வருவார்கள் என்று ஏற்பாட்டாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட முடிந்தால், அதாவது விளம்பரத்திலேயே பினாங்கு, ஈப்போ ரசிகர்களை அழைத்திருந்தால், வாதத்துக்கு இடமுண்டு. ஒத்திவைத்த பிறகும் பஸ் டிக்கெட்டை ரத்து செய்யாமல் வைத்திருந்தால் கிடைக்காது. இழப்பைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள்.

கணக்காளர் ஈப்போ

எனக்கு உடன்பாடில்லை, ஐயா. 125 ரிங்கிட் தெளிவான கணக்கு. அதோடு பஸ்ஸைச் சேர்த்தால் நடுவர் முழுவதையும் பேரம் பேசித் தீர்க்கச் சொல்லுவார்.

பட்டர்வொர்த் கலா

எல்லோருக்கும் நன்றி. பஸ் நிறுவனம் வேறு தேதிக்கு மாற்றிக்கொடுத்துவிட்டது, அதைச் சேர்க்கவில்லை. 1,000 ரிங்கிட் வந்துவிட்டது, அட்டைக்குப் பாதி, கணக்குக்குப் பாதி. மிச்சத்துக்குப் படிவம் கொடுத்து, இரு தரப்புக்கும் தபாலும் அனுப்பிவிட்டேன். மாறனின் படத்தையும் இணைத்தேன்.

நேற்று ஏற்பாட்டாளர் தரப்பிலிருந்து ஒருவர் பேசினார். கேளிக்கை வரி 100ஐயும் முன்பதிவுக் கட்டணம் 24ஐயும் தருகிறார்களாம், 1.92 முடியாதாம். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, விசாரணைக்கு முன்பே மனுவை மீட்டுக்கொள்ள வேண்டுமாம். பணம் அதற்குப் பிறகு முப்பது வேலை நாள்களுக்குள். ஒப்புக்கொள்ளலாமா?

செந்தூல் வாசகன்

1.92ஐ விட்டுவிடாதீர்கள் அக்கா!

ஜார்ஜ் டவுன் கிழவர்

1.92ஐ விட்டுவிடுங்கள், மனுவை மட்டும் மீட்காதீர்கள். விசாரணை நாளன்று போய், இருவரும் 124 ரிங்கிட்டுக்கு இணங்கிவிட்டோம் என்று நடுவரிடம் சொல்லுங்கள். அவர் அதைப் பதிவு செய்தால் அதுவே மன்றத்தின் தீர்ப்பாகிவிடும். பதினான்கு நாள்களில் நிறைவேற்றாவிட்டால் குற்றம், 10,000 ரிங்கிட் வரை அபராதம், சிறையும் உண்டு. அவர் நீட்டும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால், பணம் வராதபோது இன்னொரு 5 ரிங்கிட் கட்டிப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும், அப்போது அந்தக் கடிதமே உங்களுக்கு எதிராக நிற்கும்.

பட்டர்வொர்த் கலா

விசாரணை அடுத்த மாதம். அவர் மறுபடியும் அழைத்தால் அங்கேயே பார்க்கலாம் என்று சொல்லிவிடுகிறேன்.

பத்துமலை குகன்

என்னிடம் விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை.